கடன் நோட்டிலிருந்து முதல் கடிதம் வரை: ஒரு டீக்கடைக்காரரின் கதையும் முழு வழிமுறையும்

திருப்பூரில் பனியன் கம்பெனிகள் நெருங்கிக் கிடக்கும் ஒரு தெருவில் என் தாய்மாமா டீக்கடை வைத்திருக்கிறார். காலை பதினொரு மணிக்கும் மாலை நாலு மணிக்கும் கடைப் பையன் டீ கேனையும் கிளாஸ்களையும் தூக்கிக்கொண்டு கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்குவான். காசு அப்போது கைமாறாது. எத்தனை கிளாஸ், எத்தனை வடை என்று வந்து சொல்வான். மாமா நோட்டில் எழுதுவார். சனிக்கிழமை சம்பளம் போட்டதும் கணக்கு தீரும். இந்த ஊரில் பல வருடமாக இப்படித்தான் நடக்கிறது.

போன ஜூலையில் ஒரு புதன்கிழமை ராத்திரி மாமா அந்த நோட்டோடு என் வீட்டுக்கு வந்தார். "மாப்ள, பால்காரருக்கு ரெண்டு வாரம் நிக்குது. மாடித் தம்பி அஞ்சு வாரமா சரியாக் கொடுக்கறதில்ல. மூஞ்சியப் பாத்துக் கேக்க வாய் வரமாட்டேங்குது. ஒரு லெட்டர் எழுதிக் குடு" என்றார்.

நான் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன். பாக்கி கேட்டு நூற்றுக்கணக்கில் கடிதம் அனுப்பியிருக்கிறேன். ஆனால் அவை எல்லாம் பில் நம்பர் போட்டுப் போகிறவை. டீக்கடைக் கடனுக்கு பில் கிடையாது, கையெழுத்து கிடையாது, வாங்கியவர் தினமும் எதிரில் வந்து நிற்பவர். அதனால் மாமாவுக்குச் செய்ததை ஒவ்வொரு படியாக எழுதுகிறேன். கடன் நோட்டு வைத்திருக்கும் சின்னக் கடைக்காரர் யாருக்கும் இது அப்படியே பொருந்தும்.

முதல் படி: யாருக்கு எழுத வேண்டும் என்று பிரிப்பது

நோட்டில் 23 பேர் இருந்தார்கள். மாமா போட்டு வைத்த கூட்டல்படி மொத்த பாக்கி 11,470 ரூபாய். எல்லோருக்கும் சேர்த்து ஒரே மாதிரி சீட்டு அடித்துவிடலாம் என்பது அவர் எண்ணம். நான் பெயர்களைத் தொகைவாரியாக அடுக்கச் சொன்னேன். 9,200-க்கு மேல் மூன்றே மூன்று கம்பெனிகளிடம் நின்றது. மற்ற இருபது பேரும் சேர்ந்து 2,300 கூட வரவில்லை. அவர்களில் பலர் தையல்காரர்கள், செக்கிங் அக்காக்கள். ஐம்பது, நூற்று நாற்பது என்று வைத்திருப்பவர்கள். டீ குடிக்க வரும்போது ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர்களுக்குக் கடிதம் கொடுத்தால் அந்த நூற்று நாற்பதும் வராது, ஆளும் அடுத்த கடைக்குப் போய்விடுவார்.

பெரிய மூன்றில் இரண்டு கம்பெனிகள் ஒவ்வொரு சனிக்கிழமையும் ஏதாவது கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். நின்றுபோனது ஒருவர்தான்: எதிர்க் கட்டிடத்தின் முதல் மாடியில் பவர் டேபிள் என்கிற தையல் மெஷின்களைப் போட்டு, பெரிய கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் தம்பி. எழுத வேண்டிய கடிதம் ஒன்று மட்டும் என்று அங்கேயே முடிவானது. கடிதம் தேவைப்படுவது தொகை பெரியதாகவும் வரத்து நின்றும் போன இடத்தில்தான். இரண்டும் சேர்ந்து இருக்க வேண்டும்.

இரண்டாம் படி: நோட்டை நம்பாமல் திரும்ப எண்ணுவது

நேரம் முழுக்க இங்கேதான் போனது, போகவும் வேண்டும். மாமாவின் நோட்டில் 'மாடி' என்ற பக்கத்தின் அடியில் 5,148 என்று வட்டம் போட்டிருந்தது. அவர் கேட்க நினைத்த தொகையும் அதுதான்.

நான் அதை அழித்துவிட்டு நாள்வாரியாக எண்ண ஆரம்பித்தேன். மாடித் தம்பியிடம் ஒன்பது பேர் வேலை செய்கிறார்கள். ஆளுக்கு ஒன்று, இரண்டு வேளை. ஒரு நாளைக்கு 18 கிளாஸ். கிளாஸ் 12 ரூபாய், நாளுக்கு 216. ஆறு நாள் வேலை என்றால் வாரம் 1,296. இந்த எண்ணிக்கையை முதலிலேயே மனதில் வைத்துக்கொண்டால் தப்பு தானாகக் கண்ணில் படும். ஜூலை 1, 2 இரண்டு தேதியிலும் 'மாடி' கணக்கில் 30 கிளாஸ் இருந்தது. ஒன்பது பேர் எப்படி முப்பது டீ குடிப்பார்கள்?

கடைப் பையனை போனில் கூப்பிட்டுக் கேட்டோம். "அண்ணா, ஒண்ணாந் தேதி ரெண்டாவது மாடியில புதுக் கம்பெனி ஆரம்பிச்சாங்கள்ல, அவங்க ஆறு பேரு. நான் 'மாடி பன்னெண்டு'ன்னு சொன்னேன், மாமா அப்படியே எழுதிட்டாரு" என்றான். மூன்றாம் தேதி மின்தடை, வேலை இல்லை. நாலாம் தேதியிலிருந்துதான் மாமா 'மாடி புது' என்று தனிப் பக்கம் போட்டிருக்கிறார். ஆக, இரண்டு நாளுக்கு 12 கிளாஸ் வீதம் 288 ரூபாய் வேறொருவர் கடன். முதல் மாடித் தம்பியின் தலையில் அது ஏறியிருந்தது.

அடுத்தது வரவு. நோட்டில் ஜூன் 21 தேதிக்கு 'ரொக்கம் 1,500' என்று ஒரு வரவு மட்டும் இருந்தது. கடையின் கியூஆர் அட்டை அத்தையின் பேங்க் கணக்கில் இணைந்திருக்கிறது. அத்தையின் போனை வாங்கி ஐந்து வாரப் பட்டியலைப் பார்த்தேன். ஜூன் 24 சாயங்காலம் 1,000 ரூபாய் வந்திருந்தது. அனுப்பியவர் பெயரை மாமாவிடம் படித்துக் காட்டினால் "யாரு இது?" என்கிறார். பையனிடம் கேட்டபோதுதான் தெரிந்தது, மாடித் தம்பியின் முழுப் பெயரே அதுதான். நாலு வருடமாக டீ கொடுக்கிறார், அவருக்கு அந்தத் தம்பியின் பெயர் தெரியாது. கடையில் ஒலிப்பெட்டி ஆயிரம் வந்ததைச் சொல்லியிருக்கும். மாலை நேரக் கூட்டத்தில் யார் காதில் விழுந்திருக்கப் போகிறது?

மாமா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "அப்ப அந்தத் தம்பி குடுத்ததையே நான் திருப்பிக் கேக்க இருந்தேனா?" என்றார். அவர் முகம் போன போக்கை என்னால் இப்போதும் மறக்க முடியவில்லை.

முதல் முறை கடிதம் எழுதுகிற யாரும் இந்தப் படியைத் தாண்டிப் போகக் கூடாது. நேரில் தப்பாகக் கேட்டால், "அட, மறந்துட்டேன்" என்று சிரித்து மழுப்பிவிடலாம். தாளில் தப்பாக எழுதினால் அது அவர் கையில் இருக்கும். உங்கள் மற்ற கணக்கு எல்லாமே சந்தேகத்துக்குள் போகும்.

மூன்றாம் படி: ஒரு பக்கக் கணக்கு

புதுத் தாளில் வாரவாரியாக எழுதினோம். ஜூன் 14-ல் முடிந்த வாரம் 1,296. ஜூன் 21 வாரம் 1,392. அதில் 12 வடைக்கு 96 ரூபாய் சேர்ந்திருக்கிறது. ஜூன் 28 வாரம் 1,296. ஜூலை 5 வாரம், மின்தடை நாள் போக ஐந்து நாள், 1,080. ஜூலை 12 வாரம் 1,296. மொத்தப் பற்று 6,360. வரவு 1,500-ம் 1,000-மாக 2,500. பாக்கி 3,860. வட்டம் போட்ட 5,148-க்கும் இதற்கும் 1,288 வித்தியாசம்: தெரியாமல் ஏறிய 288, எழுதாமல் விட்ட 1,000.

வந்த 2,500 எந்த வாரத்துக்கானது என்று ஒரு கேள்வி வரும். 1872-ம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 59 முதல் 61 வரையான பிரிவுகள் இதற்கு வழி சொல்கின்றன. கொடுக்கிறவர் இன்ன கடனுக்கு என்று சொல்லிக் கொடுத்தால் அதில்தான் வரவு வைக்க வேண்டும். அவர் சொல்லவில்லை என்றால் வாங்குகிறவர் விருப்பம். இருவருமே எதுவும் தீர்மானிக்காவிட்டால் பழைய கடனிலிருந்து வரிசையாகக் கழியும். நாங்கள் பழையதிலிருந்தே கழித்தோம். முதல் வாரம் 1,296 முழுதும் தீர்ந்தது. மீதி 1,204 இரண்டாம் வாரத்தில் போய், அதில் 188 மட்டும் நின்றது. 188, 1,296, 1,080, 1,296 கூட்டினால் 3,860. இரண்டு வழியில் போட்டும் ஒரே எண் வந்தால்தான் பேனாவை எடுக்க வேண்டும்.

நான்காம் படி: எழுதுவது

மாமா முதலில் தானே எழுதிப் பார்த்தார். "அன்புடையீர், தங்கள் நிலுவைத் தொகையை உடனடியாகச் செலுத்தத் தவறினால்" என்று ஆரம்பித்தது அது. பேங்க்கிலிருந்து வரும் கடிதங்களைப் படித்த பழக்கம். தினமும் "வாங்க தம்பி" என்கிறவர் திடீரென்று 'அன்புடையீர்' ஆனால் படிக்கிறவருக்கு அடுத்த வரி தேவையே இல்லை. சண்டை என்று புரிந்துகொள்வார்.

இரண்டாவது தாளில் எதிர்ப்பக்கம் சாய்ந்துவிட்டார். பால்காரர் நெருக்குகிறார், கேஸ் விலை ஏறிவிட்டது, பெண்ணுக்குக் காலேஜ் பணம் கட்ட வேண்டும் என்று ஒரு பக்கம். ஒவ்வொன்றும் உண்மை. ஆனால் அதைப் படிக்கும் தம்பிக்கும் அதே மாதிரி ஒரு பட்டியல் உண்டு. அவருக்கு வேலை கொடுத்த கம்பெனி அவருக்குப் பணம் தரவில்லை என்பது தெருவுக்கே தெரியும். கஷ்டத்துக்குக் கஷ்டம் பதிலாக வந்து பணம் பேச்சில் கரைந்துவிடும். அத்தோடு, கேட்க வேண்டிய தொகை அந்தப் பக்கத்தில் எங்கேயும் இல்லை.

மூன்றாவதாக இருவரும் சேர்ந்து எழுதியது இது:

17-7-2025, வியாழன்

தம்பிக்கு வணக்கம்.

முதல் மாடிக் கம்பெனிக்கு ஜூன் 9 முதல் ஜூலை 12 வரை கொடுத்த டீ, வடைக் கணக்கு ரூ.6,360. ஜூன் 21 அன்று ரொக்கமாக 1,500, ஜூன் 24 அன்று போனில் 1,000 வரவாகியிருக்கிறது. பாக்கி ரூ.3,860. வாரவாரியான விவரம் பின்பக்கம். இந்த வாரக் கணக்கு இதில் சேரவில்லை.

கணக்கில் வித்தியாசம் தெரிந்தால் சொல்லுங்கள், நோட்டை வைத்து ஒத்துப் பார்த்துத் திருத்திக்கொள்வோம். சரியாக இருந்தால் வருகிற சனிக்கிழமை, 19-ம் தேதி, 1,500 கொடுங்கள். மீதியை எந்தச் சனிக்கிழமைகளில் கொடுக்க முடியும் என்று சொன்னால் அப்படியே குறித்துக்கொள்கிறேன்.

இவ்வளவுதான். கீழே மாமாவின் கையெழுத்து.

இதில் வரவை எழுதியது மிக முக்கியம் என்பது என் அனுபவம். படிக்கிறவர் கண் முதலில் தேடுவது தான் கொடுத்த பணத்தைத்தான். அது தேதியோடு இருந்தால் பாக்கியையும் ஒப்புக்கொள்ள மனம் வரும். 'இந்த வாரக் கணக்கு சேரவில்லை' என்ற வரியும் அவசியம். இல்லாவிட்டால் சனிக்கிழமை கொடுக்கும் பணம் பழைய பாக்கிக்கா, நடப்பு வாரத்துக்கா என்று இருவரும் வேறு வேறாக நினைத்துக்கொள்வார்கள். பிறகு, 'சீக்கிரம்', 'விரைவில்' என்ற சொற்களை வைக்கவில்லை. தேதியும் தொகையும் இருக்கும் இடத்தில் அவை எதற்கு? 'கொடுத்தால் உதவியாக இருக்கும்' என்று மாமா எழுதியிருந்ததை 'கொடுங்கள்' என்று மாற்றச் சொன்னேன். கொடுத்த டீக்குப் பணம் கேட்பது உதவி கேட்பதாகாது.

ஐந்தாம் படி: எப்போது, யார் கையில்

திருப்பூரில் பவர் டேபிள் நடத்துகிறவருக்குச் சனிக்கிழமை என்பது பெரிய கம்பெனியில் பணம் வாங்கி, தையல்காரர்களுக்குப் பிரித்துக் கொடுத்து, மிச்சத்தை எண்ணிப் பார்க்கும் நாள். அன்றைக்குப் போய்க் கொடுக்கும் கடிதம் பாக்கெட்டுக்குள் போய்விடும். திங்கட்கிழமை கொடுத்தால் சனிக்குள் மறந்துவிடும். வியாழன் சரியாக வரும். சனிக்கிழமைக்கான கணக்கை அவர் மனதில் போட ஆரம்பிக்கும் நாள் அது. உங்கள் ஊரில் வாடிக்கையாளர் கைக்குப் பணம் வரும் நாள் எதுவோ, அதற்கு இரண்டு நாள் முன்பு கொடுங்கள்.

கடைப் பையனிடம் டீ கேனோடு கொடுத்தனுப்பலாம் என்றார் மாமா. வேண்டவே வேண்டாம் என்றேன். ஒன்பது பேர் முன்னால் அந்தத் தாளை அவர் பிரிக்க வேண்டி வரும். தன் ஆட்களுக்கு முன்னால் கடன்காரனாக நின்றவர் கொடுக்க நினைத்ததையும் கொடுக்கமாட்டார். நாலு மணி டீ முடிந்து பாய்லர் அருகே கூட்டம் கலைந்ததும் மாமாவே மேலே போய், தாளை மடித்து, "தம்பி, அஞ்சு வாரக் கணக்கு, சாவகாசமாப் பாருங்க" என்று கொடுத்துவிட்டு நிற்காமல் இறங்கி வந்தார். வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் இதே நிதானம் வேண்டும்: அவருடைய தனி எண்ணுக்கு மட்டும், பின்பக்கக் கணக்கைப் படமெடுத்து இணைத்து. கட்டிடக் குழுவில் போடுவதும், பாக்கிக்காரர் பெயரைக் கடையில் எழுதி ஒட்டுவதும் வேறு வம்பில் கொண்டுபோய் விடும்.

ஆறாம் படி: பதில் வரும்போது

வெள்ளிக்கிழமை காலை மாடித் தம்பி தானே இறங்கி வந்தார், கையில் அந்தத் தாள்.

"ஏனுங்ண்ணா, மூணாந் தேதி கரண்ட்டே இல்ல, நாங்க யாரும் வரல. அதையும் போட்டிருப்பீங்கன்னு நெனச்சுப் பாத்தேன், கழிச்சிருக்கீங்க" என்றார். "இருபத்தி நாலாந் தேதி ஆயிரம் நான் போட்டது எனக்கே ஞாபகம் இல்லீங்."

பிறகு தன் நிலைமையைச் சொன்னார். அவருக்கு வர வேண்டிய பணம் 26-ம் தேதிதான் வரும். இந்தச் சனிக்கிழமை ஆயிரம்தான் முடியும், மீதி 2,860-ஐ அடுத்த சனிக்கிழமை மொத்தமாகத் தருவதாகச் சொன்னார். மாமா கேட்டது 1,500. ஐநூறு குறைகிறதே என்று இழுக்காமல் உடனே ஒப்புக்கொண்டார், அது சரி. அவரே வாய்விட்டுச் சொன்ன தேதி, நாம் போட்ட தேதியைவிட உறுதியானது.

முன்பே சொல்லி வைத்திருந்தபடி மாமா ஒரு காரியம் செய்தார். நோட்டில் அந்தக் கணக்கின் அடியில் 'பாக்கி 3,860, சரி' என்று தம்பியையே எழுதித் தேதி போட்டுக் கையெழுத்திடச் சொன்னார். தம்பி தயங்கவில்லை. கணக்கு சரியாக இருந்ததால்தான் தயங்கவில்லை.

இந்தக் கையெழுத்துக்கு மதிப்பு உண்டு. வியாபாரத்தில் ஒழுங்காக எழுதி வரும் கணக்குப் புத்தகத்தைக் கோர்ட் பார்க்கும். ஆனால் அந்தப் பதிவு ஒன்றை மட்டும் வைத்து ஒருவரைக் கடன்காரர் என்று தீர்மானிக்க முடியாது. 1872 சாட்சியச் சட்டத்திலும் அப்படித்தான் இருந்தது. அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தின் 28-ம் பிரிவும் அதையே சொல்கிறது. எதிராளியின் கையெழுத்து அந்தக் குறையை நிரப்புகிறது. 1963 காலவரையறைச் சட்டப்படி இப்படிப்பட்ட கடனுக்கு வழக்குப் போட மூன்று வருடம்தான் கெடு. அந்தக் கெடு முடிவதற்குள் கடனை ஒப்புக்கொண்டு எழுத்தில் கையெழுத்துப் போட்டால், அந்தத் தேதியிலிருந்து மூன்று வருடம் புதிதாக ஆரம்பிக்கும்.

நாலாயிரம் ரூபாய் டீக் கடனுக்கு யாரும் கோர்ட்டுக்குப் போகப் போவதில்லை, போகவும் வேண்டாம். செலவே அதைவிட அதிகமாகும். ஆனாலும் கையெழுத்து விழுந்த பிறகு 'அவ்வளவு இருக்காதுங்களே' என்ற பேச்சு எழாது. சின்னக் கடைக்கு அந்த லாபம் போதும். சொன்ன தேதியில் பணம் வராமல் போனால் இரண்டாவது கடிதம் எழுத வேண்டாம். அன்றிலிருந்து டீயை ரொக்கத்துக்கு மட்டும் கொடுங்கள், பழைய பாக்கி அதோடு வளராமல் நிற்கும்.

நோட்டில் செய்த மாற்றம்

சனிக்கிழமை ராத்திரி மாமா புது நோட்டு வாங்கினார். 'மாடி', 'மூலை', 'சிவப்பு கேட்' எல்லாம் போய், ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும் கம்பெனி, மாடி எண், ஆளின் முழுப் பெயர், போன் எண். பையன் வாய்க்கணக்காகச் சொல்வதற்குப் பதில் ஒரு பாக்கெட் நோட்டில் அங்கேயே எழுதி வருகிறான். ராத்திரி பெட்டி எண்ணும்போது அத்தை போனில் வந்த வரவுகளைப் பெயரோடு படிக்க, மாமா பக்கம் புரட்டிப் பதிகிறார். முதல் நாள் 20 நிமிடம் ஆனது. இப்போது ஐந்தாறு நிமிடத்தில் முடிகிறது.

19-ம் தேதி ஆயிரம் வந்தது. 26-ம் தேதி 2,860-ம் வந்தது, போனில், ராத்திரி எட்டு மணிக்கு மேல். அந்தப் பக்கத்தின் குறுக்கே மாமா ஒரு கோடு இழுத்தார்.

இரண்டாம் மாடியின் அந்த 288 ரூபாய் மட்டும் மிச்சம். அவர்கள் வாராவாரம் நோட்டில் கண்டதை முழுதாகக் கொடுத்துத் தீர்ப்பவர்கள். "நான் எழுதாம விட்டது, அவங்ககிட்ட எப்படிக் கேக்கறது? போகட்டும்" என்றார் மாமா. குடித்த டீதானே, தேதி இருக்கிறது, பையன் சாட்சி இருக்கிறான், விவரத்தைச் சொல்லிக் கேளுங்கள் என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. மறுநாள் காலை கடைக்குப் போனபோது கல்லா மேல் ஒரு சீட்டு மடித்து வைத்திருந்தது. என்னைக் கேட்காமல் அவரே எழுதியது:

"ரெண்டாம் மாடி தம்பிக்கு. ஜூலை 1, 2 தேதி நீங்க குடிச்ச டீ 24 கிளாஸ், ரூ.288. வேற கணக்கில் தவறா எழுதிட்டேன், இப்பத்தான் பார்த்தேன். உங்க ஆளுங்ககிட்ட கேட்டுப் பார்த்துட்டு, சரின்னா இந்தச் சனிக்கிழமைக் கணக்கோட சேத்துக் குடுங்க."